விடுதி மெஸ்ஸில் காயும் பயறும் கூடுதலாக வேண்டுமா? காப்பாளருக்குக் கடிதம் எழுதும் முறை

சேலத்தில் ஒரு மகளிர் கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் தங்கிப் படித்தேன். பொரியலும் பயறும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்ற கோரிக்கைக்காக மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதம் குப்பைக்குப் போனது. இரண்டாவதற்குத் திட்டு கிடைத்தது. மூன்றாவது நிறைவேறியது. மூன்றாவதில் கிராமும் ரூபாயும் இருந்தன, முதல் இரண்டிலும் இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றே கால் வருடம் ஆனது. இந்த ஆண்டு விடுதியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது இரண்டு வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் மெஸ் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

யாரிடம் என்ன கேட்கலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. நான் இதைக் கவனிக்காமல் எழுதியதும் முதல் கடிதம் வீணானதற்கு ஒரு காரணம்.

பல கல்லூரி விடுதிகளில் டிவைடிங் முறை இருக்கும். மாதம் முழுவதும் ஆன மளிகை, காய், பால், எரிவாயுச் செலவைக் கூட்டி, எல்லா மாணவிகளும் சாப்பிட்ட நாட்களின் மொத்தக் கணக்கால் வகுத்து, ஒரு நாள் கட்டணத்தைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே கூடுதலாக எதைக் கேட்டாலும் அது உங்கள் எல்லோருடைய மெஸ் பில்லிலும் ஏறும். காப்பாளர் மனது வைத்தால் அடுத்த வாரமே மாற்றலாம். ஆனால் பில் ஏறினால் முதலில் சண்டைக்கு வருவது உங்கள் பக்கத்து அறைத் தோழியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வகை ஒப்பந்த முறை. வெளியாள் சமைத்துத் தருகிறார், நீங்கள் மாதத்துக்கு ஒரே தொகை கட்டுகிறீர்கள். ஒப்பந்தத்தில் "மதியம் ஒரு பொரியல்" என்று எழுதியிருந்து அளவு எழுதாமல் விட்டிருந்தால், ஒரு கரண்டி வைத்தாலும் அது பொரியல்தான். இங்கே நடு ஆண்டில் கடிதம் கொடுத்துப் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. அடுத்த ஒப்பந்தத்தில் கிராம் அளவைச் சேர்க்கும்படி கேட்கும் கடிதத்தைக் கல்வி ஆண்டு முடியும் முன்பே கொடுங்கள்.

மூன்றாவது அரசு நலத்துறை விடுதி. இங்கே உணவுக்கான தொகையை அரசு நிர்ணயிக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-இல் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதாவது நாளொன்றுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் காப்பாளர் கையில் அது இல்லை. அங்கே கேட்க வேண்டியது கூடுதல் பணம் அல்ல. இருக்கும் பணத்தில் எதைக் குறைத்து எதைக் கூட்டலாம் என்பதைக் கேளுங்கள்.

எங்களுடையது 180 பேர் கொண்ட டிவைடிங் மெஸ். இனி வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

2. ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

"காய் போதவில்லை" என்று எழுதினால், "போதும் என்கிறார்களே மற்றவர்கள்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அளந்த கணக்குக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

தட்டில் வைத்த பொரியலை எடை போடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அறையில் ஒரு சிறிய தராசை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிறுத்தேன். ஒரு நாள் 35 கிராம், மறுநாள் 70 கிராம் வந்தது. வரிசையில் எங்கே நிற்கிறீர்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். சமையலறையில் வெட்டிய காயின் மொத்த எடையை எடுத்து, சாப்பிடும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரியான முறை. மெஸ் செயலராக இருக்கும் மாணவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் போங்கள். அப்போதுதான் காய் வெட்டி முடிந்திருக்கும், அடுப்பில் ஏறியிருக்காது. ஸ்டோரில் அரிசி நிறுக்கும் தராசு இருக்கும், அதையே பயன்படுத்தலாம். பருப்பு, பயறு, உளுந்து ஆகியவற்றை நிறுக்க வேண்டியதில்லை. ஸ்டோர்ப் பதிவேட்டில் அன்றன்று எடுத்த அளவு எழுதியிருக்கும், அதைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த கணக்கு இது. சராசரியாக ஒரு நாளில் பொரியலுக்கு 11 கிலோ, சாம்பாருக்கு 6 கிலோ, இரவுக் குருமா, சட்னிக்கு 4 கிலோ. ஆக 21 கிலோ, தலைக்கு 117 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நாளொன்றுக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் என்று இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், சோற்றின் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டியது. எங்கள் ஏழு நாள் பொரியலில் மூன்று நாள் உருளைக்கிழங்கு. அதைக் கழித்தால் காய்க் கணக்கு இன்னும் இளைத்துப்போனது.

புரதத்தின் கதை வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும். புரதமே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டபோது அப்படி இல்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது இந்திய அளவுகோல். 55 கிலோ உள்ள பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ உள்ள ஆணுக்கு 54 கிராம். எங்கள் மெஸ்ஸில் ஒருவருக்கு மூன்று வேளையும் சேர்த்துச் சுமார் 350 கிராம் அரிசியும் கோதுமையும் போகிறது, அதிலிருந்து 26 கிராம். சாம்பாருக்கு 180 பேருக்கு 5 கிலோ துவரம்பருப்பு, தலைக்கு 28 கிராம், அதில் 6 கிராம். இட்லி உளுந்தில் 4 கிராம். காபி, டீ, மோர் எல்லாம் சேர்த்து 4 கிராம். மொத்தம் 40 கிராம். குறைவு 6 கிராம்தான். ஆனால் கிடைக்கும் 40 கிராமில் 26 கிராம் அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வருகிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிடும் பெண்ணுக்குப் புரதமும் அதோடு குறைந்துவிடுகிறது. கடிதத்தில் இதை இப்படியே எழுதினேன். "நீங்கள் மிகைப்படுத்தவில்லை, அதனால்தான் முழுவதும் படித்தேன்" என்று காப்பாளர் பின்னால் சொன்னார்.

3. கேட்கப் போவதை மூன்றாகச் சுருக்குங்கள்

எங்கள் இரண்டாவது கடிதத்தில் பதினொரு கோரிக்கைகள் இருந்தன. பனீர், வாரம் இரண்டு முறை கோழி, தினமும் பழம், முளைகட்டிய பயறு என்று நீண்ட பட்டியல். காப்பாளர் எங்களை அழைத்து, "இதெல்லாம் கொடுக்க எனக்கு ஆசைதான். பில் 900 ரூபாய் ஏறினால் உங்கள் அப்பாவிடம் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பாதிப் பேருடைய வீட்டில் தறியும் கொலுசுப் பட்டறையும்தான் வருமானம் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது கடிதத்தில் மூன்றே கோரிக்கைகள் வைத்தோம்.

ஒன்று, பொரியலுக்கு வெட்டிய காய் தலைக்கு 60 கிராமிலிருந்து 100 கிராம். இன்ன காய்தான் வேண்டும் என்று எழுதவில்லை, இதைக் கவனியுங்கள். பீன்ஸும் கேரட்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், மழைக்காலத்தில் விலை ஏறும்போது உங்கள் கோரிக்கை மொத்தமாக நின்றுவிடும். எடையைக் கேளுங்கள், காயை மெஸ் முடிவு செய்யட்டும். உருளைக்கிழங்கு வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம், கீரை வாரம் இரண்டு நாள் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் போதும்.

இரண்டு, மாலை டீயோடு வாரம் மூன்று நாள் சுண்டல். கருப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று மாறி மாறி, தலைக்கு உலர்ந்த எடையில் 30 கிராம். அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது. எங்களுக்குக் குறைந்ததும் அதே 6 கிராம்.

மூன்று, முட்டை வாரம் ஒன்றிலிருந்து மூன்று. ஆனால் பொதுக் கணக்கில் அல்ல, விரும்புகிறவர்களின் தனிக் கணக்கில். எங்களில் ஏறக்குறைய நாற்பது பேர் முட்டை சாப்பிடாதவர்கள். அவர்கள் பில்லில் முட்டைக் காசு ஏறினால் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

4. விலை விசாரியுங்கள்

இதற்கு ஒரு காலைப் பொழுதும் பஸ் கட்டணமும் போதும். காய்க்குச் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போனோம். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு முன்னால் போனால் நல்லது. பத்து மணிக்கு மேல் கீரை வாடிவிடும், விற்பவர்களும் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். பயறு, பருப்புக்குச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை விலை கேட்டோம். முட்டைக்கு எங்கும் போக வேண்டியதில்லை. நாமக்கல் மண்டலப் பண்ணைக் கொள்முதல் விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, அது நாளிதழில் வந்துவிடும். விடுதிக்கு வந்து இறங்கும்போது அதைவிடச் சற்றுக் கூடும், அதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஏற்காட்டில் மலைமேல் இருக்கும் விடுதி என்றால் ஒரு விஷயத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் காய் வர வேண்டும், தினமும் வராது. வண்டி வரும் கிழமை எது என்று ஸ்டோரில் கேட்டு, கீரையை அந்த நாளிலோ மறுநாளிலோ வைக்கும்படி கேளுங்கள். மலையிலேயே விளையும் சௌசௌ ஒரு வாரம் கெடாது. அதைக் கடைசி நாட்களுக்கு வைக்கலாம்.

நாங்கள் விசாரித்த நாளின் விலையில் கணக்கு இப்படி வந்தது. விலை மாறும், போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் காய் தலைக்கு 40 கிராம், 180 பேருக்கு 7.2 கிலோ. இது வெட்டிய எடை. தோலும் காம்பும் போகும், அதனால் வாங்க வேண்டியது 8 கிலோ. கிலோ சராசரி 35 ரூபாய் என்றால் 280 ரூபாய், தலைக்கு நாளொன்றுக்கு 1.56 ரூபாய். இந்தக் கழிவை நான் முதலில் சேர்க்காமல் விட்டேன். சமையலறை அக்காதான் சுட்டிக்காட்டினார்.

சுண்டலுக்கு 180 பேருக்கு 5.4 கிலோ கடலை, கிலோ 90 ரூபாய், மொத்தம் 486 ரூபாய். வாரம் மூன்று நாள் என்பதால் ஏழு நாளுக்குப் பரப்பினால் தலைக்கு நாளொன்றுக்கு 1.16 ரூபாய்.

கீரை நாளில் கூடுதல் செலவு இல்லை. நான்கு பேருக்கு ஒரு கட்டு என்று 45 கட்டு, கட்டு 12 ரூபாய், தலைக்கு 3 ரூபாய். அன்று பொரியல் காய் வாங்க வேண்டாம்.

ஆக, கூடுதல் செலவு நாளொன்றுக்கு 2.72 ரூபாய்.

5. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்

பல கடிதங்களில் இந்தப் பகுதி இருக்காது. கேட்பவர்களே வழியும் சொன்னால், "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவது காப்பாளருக்குக் கடினமாகிவிடும்.

மூன்று நாள், கை கழுவும் இடத்தில் உள்ள எச்சில் டிரம்மை இரவில் நிறுத்தோம். நாங்கள் நான்கு பேர், இரண்டு பேர் டிரம்மைத் தூக்க, ஒருவர் தராசைப் பார்க்க, ஒருவர் எழுத. சாம்பார் வடியட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தோம். அடியில் வெள்ளையாக இருந்தது முழுவதும் சோறு. தினமும் சராசரி 18 கிலோ. அரிசியாகக் கணக்கிட்டால் ஆறரைக் கிலோ, ஏறக்குறைய 300 ரூபாய். எங்கள் காய்க்குத் தேவையான 280 ரூபாயைவிட அதிகமான பணத்தை நாங்களே தினமும் அந்த டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தோம். அன்று இரவு எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

முழுவதையும் மிச்சப்படுத்துவோம் என்று எழுதாதீர்கள், அது நடக்காது. முதல் முறை அரைக் கரண்டி, வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்வது என்ற முறையில் பாதியைக் குறைப்போம் என்று எழுதினோம். அது தலைக்கு 0.83 ரூபாய். தினமும் வைக்கும் அப்பளத்தை வாரம் மூன்று நாளாகக் குறைக்கச் சொன்னோம். எண்ணெயும் சேர்த்து ஓர் அப்பளம் ஒன்றரை ரூபாய், நான்கு நாள் மிச்சத்தை வாரத்துக்குப் பரப்பினால் 0.86 ரூபாய்.

2.72-இல் இந்த இரண்டையும் கழித்தால் 1.03 ரூபாய். மாதத்துக்கு 31 ரூபாய். 900 ரூபாய் ஏறும் என்று பயந்த காப்பாளர் முன்னால் வைக்க எங்களிடம் இப்போது இந்த எண் இருந்தது. முட்டை விரும்புகிறவர்களுக்கு மட்டும், ஒரு முட்டை 6 ரூபாய் என்று கூடுதல் இரண்டு முட்டைக்கு வாரம் 12 ரூபாய், மாதம் ஏறக்குறைய 52 ரூபாய் தனியாக.

6. சமையல் செய்கிறவரிடம் கடிதத்துக்கு முன்பே பேசுங்கள்

இதைத் தவற விட்டால் அனுமதி கிடைத்த பிறகும் திட்டம் படுத்துவிடும். நாங்கள் கீரை கேட்கப்போகிறோம் என்று சொன்னதும் சமையலறை அக்கா தன் வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரை கறுத்திருந்தன. முந்தின நாள் அவர் வீட்டுக்கு ஆய்ந்த கீரையின் கறை. "ஆறு பேருக்கு ஆய்ந்த விரல் இது. நாற்பத்தைந்து கட்டு ஆய எனக்கு இரண்டு கை போதாது, கண்ணு" என்றார்.

நாங்கள் அங்கேயே பேசி முடிவு செய்தோம். கீரை நாளுக்கு முந்தின மாலை, அறைவாரியாகப் பன்னிரண்டு பேர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஆய்ந்து கொடுப்பது, ஈரத் துணியில் சுற்றி வைப்பது, மறுநாள் காலை அவர் கழுவி நறுக்கிக்கொள்வது. கீரை நாளின் காலை உணவு உப்புமாவாக இருந்தால் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்பதும் அவர் சொன்ன யோசனைதான். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மட்டும் வாங்குவது, உருவ நேரமாகும் முருங்கைக்கீரை வேண்டாம் என்றும் ஒப்புக்கொண்டோம். இவை எல்லாம் கடிதத்தில் ஏறின.

7. கடிதம்

ஒரே தாள், ஒரு பக்கம். கணக்கு இணைப்பில் இருக்கட்டும். எங்கள் கடிதம் ஏறக்குறைய அப்படியே:

> அனுப்புநர்
> (பெயர்), இரண்டாம் ஆண்டு, இளங்கலைத் தாவரவியல்,
> அறை எண் 27, மகளிர் விடுதி, சேலம்.
>
> பெறுநர்
> காப்பாளர் அவர்கள்,
> மகளிர் விடுதி, சேலம்.
>
> வழி: துணைக் காப்பாளர் அவர்கள்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> பொருள்: மெஸ் உணவில் காய்கறி, பயறு அளவைக் கூட்டி ஒரு மாதம் சோதனை முறையில் வழங்கக் கோருதல்.
>
> வணக்கம். மெஸ் செயலருடன் சேர்ந்து கடந்த வாரம் ஏழு நாட்கள் எடுத்த கணக்கின்படி, நம் விடுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 117 கிராம் காய்கறியும் சுமார் 40 கிராம் புரதமும் கிடைக்கின்றன. 55 கிலோ எடையுள்ள மாணவிக்குப் புரதம் 46 கிராம் தேவை. காய்கறி, கீரை 400 கிராம் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த அளவை ஒரே நேரத்தில் எட்ட முடியாது என்பதை அறிவோம். எனவே கீழ்க்கண்ட மூன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.
>
> அ. மதியப் பொரியலுக்கு வெட்டிய காய் தலைக்கு 100 கிராம். வாரம் இரண்டு நாள் கீரை. உருளைக்கிழங்கு வாரம் ஒரு நாள் மட்டும்.
> ஆ. வாரம் மூன்று மாலை சுண்டல், தலைக்கு 30 கிராம் பயறு.
> இ. விரும்புகிறவர்களுக்கு மட்டும் வாரம் மூன்று முட்டை, தனிக் கணக்கில்.
>
> அ, ஆ இரண்டுக்கும் நாளொன்றுக்குத் தலைக்கு 2.72 ரூபாய் கூடுதலாகும். அப்பளத்தை வாரம் மூன்று நாளாகக் குறைத்தும், சோறு வீணாவதைப் பாதியாக்கியும் 1.69 ரூபாய் மிச்சப்படுத்தலாம். நிகரக் கூடுதல் மாதம் 31 ரூபாய். கீரை ஆய்வதற்கு மாணவியர் முறைவைத்து உதவுவோம். சமையலறையில் பேசி அவர்களின் ஒப்புதலையும் பெற்றுள்ளோம்.
>
> வரும் மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு மாதம் சோதனையாக நடத்தி, மாத இறுதியில் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: 1. ஏழு நாள் அளவுக் கணக்கு. 2. விலைக் கணக்கு. 3. மாணவியர் ஒப்புதல் பட்டியல், 112 பேர்.

"சோதனையாக ஒரு மாதம்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். நிரந்தர மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளக் காப்பாளர் மேலே கேட்க வேண்டியிருக்கலாம். ஒரு மாதச் சோதனையைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்ய முடியும்.

8. கையெழுத்து வாங்கும்போது

வெறும் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். எங்கள் முதல் கடிதத்துக்கு நாற்பது கையெழுத்தைத் தனித்தாளில் வாங்கிப் பின்னால் ஒட்டினோம். காப்பாளர் ஆறு பேரை அழைத்துக் கேட்டபோது, இரண்டு பேர் "விளையாட்டு விழாவுக்கு என்று நினைத்தோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதோடு அந்தக் கடிதத்தின் மதிப்பு போய்விட்டது.

பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோரிக்கை இரண்டு வரியில் இருக்கட்டும். "மாதம் 31 ரூபாய் வரை கூடுதலாக ஏற்கிறேன்" என்ற வரி கண்டிப்பாக வேண்டும். பெயர், அறை எண், கையெழுத்து, முட்டை வேண்டும் அல்லது வேண்டாம் என்று நான்கு கட்டங்கள். 31 ரூபாய் முடியாது என்று சொல்கிறவர்களை வற்புறுத்தாதீர்கள். எங்களிடம் அப்படிச் சிலர் இருந்தார்கள், அவர்கள் எண்ணிக்கையையும் அடியில் எழுதினோம்.

கடிதத்தில் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. காய் வாங்குகிறவர் மீது சந்தேகம், சமையல் சரியில்லை என்ற புகார், சோற்றில் கிடந்த பூச்சி, எல்லாமே தனிக் கடிதத்துக்கு உரியவை. ஒன்றில் கலந்தால் விசாரணை பூச்சியைப் பற்றித்தான் நடக்கும், காய் மறந்துபோகும். பக்கத்துக் கல்லூரி விடுதியோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அவர்கள் பில் எவ்வளவு என்ற கேள்வியில்தான் அது போய் நிற்கும்.

9. எப்போது, எப்படிக் கொடுப்பது

அடுத்த மாத உணவுப் பட்டியல் எந்தத் தேதியில் முடிவாகிறது என்று மெஸ் செயலரிடம் கேளுங்கள். எங்கள் விடுதியில் 25-ஆம் தேதி. மளிகைப் பட்டியல் அன்று மாலையே லீ பஜாருக்குப் போய்விடும். 26-ஆம் தேதி கொடுக்கும் கடிதம் இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் 17-ஆம் தேதி கொடுத்தோம். பருவத் தேர்வுக்கு முந்தின மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், எச்சில் கணக்கும் தலைக்கணக்கும் சரியாக வராது.

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்ற கையெழுத்தும் தேதியும் விடுதி முத்திரையும் வாங்குங்கள். துணைக் காப்பாளர் வழியாகவே போங்கள். நேராக முதல்வரிடம் போனால், அவர் அதைக் காப்பாளருக்கே திருப்பி அனுப்புவார். அப்போது காப்பாளர் கையில் அது உங்கள் கோரிக்கையாக இருக்காது, அவர் மேல் வந்த புகாராக இருக்கும். ஏழு வேலை நாளில் பதில் வரவில்லையென்றால், முத்திரையிட்ட பிரதியின் நகலோடு மூன்று வரியில் நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். செலவு மொத்தமும் நகலுக்கும் பஸ்ஸுக்குமாக எங்களுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது.

கூப்பிட்டுப் பேசும்போது இரண்டு பேர் மட்டும் போங்கள், கணக்கு எழுதியவர் ஒருவர், மெஸ் செயலர் ஒருவர். எங்கள் காப்பாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "சோறு பாதி வீணாகாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" அரைக் கரண்டி முறையை விளக்கினோம். வாரம் ஒரு முறை டிரம்மை நிறுத்து எழுதித் தருவதாகவும் சொன்னோம். சரி என்றார்.

10. சோதனை மாதத்தில் கவனிக்க வேண்டியவை

முதல் வாரம் சுண்டல் நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் கடலை கல்லாக வந்து பாதி டிரம்முக்குப் போனது. காரணம் எளிது, முந்தின இரவு ஊறப்போட மறந்துவிட்டார்கள். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். இரவுப் பாத்திரம் கழுவி முடிந்ததும் ஊறப்போடுவது என்று கரும்பலகையில் எழுதி வைத்தோம். மறந்துபோன நாளில் பச்சைப்பயறு செய்வது என்று மாற்று ஏற்பாடும் வைத்துக்கொண்டோம், அது ஊறாமலே வெந்துவிடும்.

இன்னொன்று, காய் கூடினாலும் எல்லாக் காயும் தின்னப்படுவதில்லை. கோவைக்காய் நாளில் டிரம்மில் பச்சையாகத் தெரிந்தது. முட்டைகோஸ், அவரை, பீட்ரூட், பூசணி நாட்களில் அப்படி இல்லை. வாரம் ஒரு முறை இதைக் குறித்து மெஸ் செயலரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால், "வாங்கிப் போட்டோம், கொட்டிவிட்டார்கள்" என்ற ஒரு வரியில் உங்கள் கோரிக்கை முடிந்துவிடும்.

மாத இறுதியில் எச்சில் சோறு 18 கிலோவிலிருந்து 11 கிலோவுக்கு வந்திருந்தது. நாங்கள் சொன்ன பாதி அளவுக்கு வரவில்லை. தக்காளி விலையும் கொஞ்சம் ஏறியது. மெஸ் பில் 31 ரூபாய்க்குப் பதிலாக 44 ரூபாய் கூடியது. அதை மறைக்காமல் ஒரு தாளில் எழுதி, தொடர விரும்புகிறோமா என்று மறுபடியும் கையெழுத்து வாங்கினோம். இந்த முறை 131 பேர் போட்டார்கள். அந்தத் தாளையும் அளவுக் கணக்கையும் முத்திரையிட்ட பிரதியையும் ஒரே கோப்பில் போட்டு, ஜூன் மாதம் பொறுப்பேற்ற புது மெஸ் செயலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் விடுதியிலும் அப்படி ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் ஸ்டோர் அலமாரியில் தேடிப் பாருங்கள்.